அலகுத் தேர்வு புளூபிரிண்ட்: பாடவேளையைக் கடினத்தால் பெருக்கலாமா?

தேன்மொழி

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் அலகு முடிந்துவிட்டது. 25 மதிப்பெண்ணுக்கு அலகுத் தேர்வு வைக்க வேண்டும். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்சுற்றுக் குறியீடுகள் ஆகியவற்றுக்கு 2 பாடவேளை, ஓம் விதிக்கும் மின்தடை எண்ணுக்கும் 4, தொடர் மற்றும் பக்க இணைப்புக்கு 5, வெப்ப விளைவுக்கு 2, மின்திறனுக்கும் வீட்டு மின்சுற்றுக்கும் 2 என மொத்தம் 15 பாடவேளை எடுத்தேன். மதிப்பெண்ணைப் பாடவேளைப்படி மட்டும் பிரிப்பதா, கடினத்தையும் சேர்ப்பதா? சேர்ப்பதென்றால் எப்படி?

நெல்லை சிவா

இரண்டையும் பெருக்கிவிடுங்கள் டீச்சர், அதுதான் சுலபமான வழி. எளிய தலைப்புக்கு 1, நடுத்தரத்துக்கு 2, கடினமானதற்கு 3 என்று எண் கொடுங்கள். உங்கள் ஐந்து தலைப்புகளுக்கும் நான் முறையே 1, 2, 3, 2, 1 கொடுப்பேன். பாடவேளையோடு பெருக்கினால் 2, 8, 15, 4, 2 வரும், கூட்டினால் 31. அதை 25-க்குச் சுருக்கி முழு எண்ணாக்கினால் 2, 6, 12, 3, 2. நேரமும் கடினமும் இரண்டுமே கணக்கில் வந்துவிட்டன. யாரும் குறை சொல்ல முடியாது.

மலர்விழி

புளூபிரிண்ட் என்றாலே எனக்குப் பயம். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று தெரிந்தவுடன் பிள்ளைகள் நாலு பாடத்தைப் படித்துவிட்டு மற்றதை மூடி வைத்துவிடுவார்கள். மேல்நிலைப் பொதுத்தேர்வில் அதைக் கைவிட்டதே அதற்காகத்தான். அலகுத் தேர்வுக்குமா இது வேண்டும்?

பழைய கரும்பலகை

மலர்விழி அம்மா, நீங்கள் சொல்வது மாணவர் கையில் கிடைக்கும் அட்டவணையைப் பற்றி. தேன்மொழி கேட்பது, வினாத்தாள் எழுதுவதற்கு முன் ஆசிரியர் தமக்காகப் போட்டுக்கொள்ளும் கட்டத்தைப் பற்றி. அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும்போது எடுத்துப் பார்த்தால் போதும்.

சிவா ஐயாவின் பெருக்கலில் எனக்கு உடன்பாடில்லை. இணைப்புப் பகுதிக்கு 25-இல் 12 விழுந்திருப்பதைக் கவனியுங்கள். வகுப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுத்த தலைப்பு, தேர்வில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொள்கிறது. இது நேர்ந்ததற்குக் காரணம், அந்தத் தலைப்பு கடினமாக இருந்ததால்தான் அதற்கு 5 பாடவேளை போனது. பாடவேளைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட கடினத்தை மறுபடியும் மூன்றால் பெருக்கும்போது ஒரே காரணத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். மறுபுறம், உருகு இழை, மின் கட்டணம் போன்றவை வரும் கடைசித் தலைப்புக்கு 2 மதிப்பெண்தான் மிஞ்சுகிறது. அந்த 2-ஐ வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி பிள்ளைகளுக்குப் புரிந்ததா இல்லையா என்று எதையும் சொல்ல முடியாது.

இன்னொன்று, கடினம் என்பது பெரும்பாலும் வினாவுக்கு உரியது; தலைப்புக்கு உரியதன்று. பக்க இணைப்பில் எல்லா மின்தடையாக்கிகளுக்கும் பொதுவாக இருப்பது மின்னோட்டமா, மின்னழுத்த வேறுபாடா என்று கேட்டால் கடைசி பெஞ்சும் எழுதிவிடும். அதே தலைப்பில் 3 ஓமும் 6 ஓமும் பக்க இணைப்பில், அவற்றோடு 4 ஓம் தொடர் இணைப்பில், மின்கலத் தொகுப்பு 18 வோல்ட், 3 ஓம் வழியே செல்லும் மின்னோட்டம் என்ன என்று கேட்டால் முதல் பெஞ்சும் யோசிக்கும். ஆகவே தலைப்புக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பாடவேளை முடிவு செய்யட்டும். அந்த மதிப்பெண்ணுக்குள் எது எளிய வினா, எது கடின வினா என்பதைத் தனியாகப் பங்கிடுங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி. இணைப்புக்கு 5 பாடவேளை என்பது நீங்கள் திட்டமிட்டதா, நடந்ததா?

தேன்மொழி

நடந்தது ஐயா. பாடக் குறிப்பேட்டில் 4 என்றுதான் எழுதியிருந்தேன். பக்க இணைப்பில் 1/3 + 1/6 போட்டு 1/2 வந்ததும், பாதி வகுப்பு தொகுபயன் மின்தடை 0.5 ஓம் என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டது. தலைகீழாக்க வேண்டும் என்பதே தோன்றவில்லை. ஒரு முழுப் பாடவேளை பின்னக் கூட்டலுக்கே போயிற்று.

பழைய கரும்பலகை

அப்படியானால் அந்த ஒரு பாடவேளை கணக்குப் பாடத்துக்கு உரியது. அதைக் கழித்துவிட்டு 14 பாடவேளைக்குப் போடுங்கள். 25-ஐ 2, 4, 4, 2, 2 என்ற விகிதத்தில் பிரித்தால் 3.57, 7.14, 7.14, 3.57, 3.57 வரும். முழுமையாக்கினால் 4, 7, 7, 4, 4 என்று 26 ஆகிவிடும்; எங்கோ ஒன்றைக் குறைக்க வேண்டும். நான் முதல் தலைப்பில் குறைப்பேன். மின்னோட்டம், மின்னழுத்தம் தெரியாமல் ஓம் விதிக் கணக்கையும் போட முடியாது என்பதால், அந்தத் தலைப்பு மற்ற வினாக்களுக்குள்ளும் மறைமுகமாகச் சோதிக்கப்பட்டுவிடுகிறது. எனவே 3, 7, 7, 4, 4.

அடுத்து வினாக்களின் அளவு. ஒரு மதிப்பெண்ணில் ஐந்து, இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, நான்கு மதிப்பெண்ணில் இரண்டு என்றால் சரியாக 25 வரும். ஓம் விதிக்கும் இணைப்புக்கும் தலா 1, 2, 4. முதல் தலைப்புக்கு 1, 2. வெப்ப விளைவுக்கு 2, 2. கடைசித் தலைப்புக்கு 1, 1, 2. கடின வினாவை 5 மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 18 வோல்ட் மின்சுற்றுக்கு 4, கம்பியை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மின்தடை எத்தனை மடங்காகும் என்பதற்கு 1. எளியவை 8 மதிப்பெண்; மீதி 12 நடுத்தரம். 1500 வாட் வெப்பமூட்டி 2 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் என்பது போன்றவை நடுத்தரத்தில் வரும்.

நெல்லை சிவா

பெருக்கினால் இரட்டைக் கணக்கு ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடந்த நேரத்தைக் கழித்ததை ஒப்புக்கொள்ள மாட்டேன். வகுப்பில் உண்மையில் கழிந்த நேரம்தானே மாணவன் கற்ற நேரம்? பின்னத்தைத் தலைகீழாக்கத் தெரியாதவனுக்குப் பக்க இணைப்பும் தெரியாது என்றுதான் பொருள். அதைக் கணக்குப் பாடத்தின் தலையில் கட்டிவிட்டு இயற்பியல் ஆசிரியர் ஒதுங்க முடியாது.

மேலும், பொதுத்தேர்வில் 7 மதிப்பெண் வினா மூன்று எழுத வேண்டும். உங்கள் தாளில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் எங்கே வரும்?

பழைய கரும்பலகை

75 மதிப்பெண் தாளில் 7 என்பது பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. 25 மதிப்பெண் தாளில் அதுவே நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. இணைப்புக்கு ஒதுக்கிய ஏழும் ஒரே மின்சுற்றுக்குப் போய்விட்டால், முதல் வரியில் 0.5 ஓம் எழுதியவன் அந்தத் தலைப்பு முழுவதையும் இழந்துவிடுவான். தொடர் இணைப்பு அவனுக்குத் தெரியுமா என்பதே நமக்குத் தெரியாமல் போகும். நான்கு மதிப்பெண் வினாவிலும் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. அதனால் 0.5-ஐ வைத்துக்கொண்டு அடுத்த படிகளைச் சரியாகப் போட்டிருந்தால் அந்தப் படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இதைவிட அதிகம் கெடுப்பது 'அல்லது' வினா. 18 வோல்ட் மின்சுற்றுக்கு மாற்றாக ஜூல் விதியைக் கொடுத்தால், கணக்குக்குப் பயந்தவன் ஜூல் விதியை ஒப்பித்துவிட்டுப் போய்விடுவான். அவன் எழுதிய தாளில் இணைப்புக்கு 3-உம் வெப்ப விளைவுக்கு 8-உம் ஆகிவிடும். நீங்கள் போட்ட கட்டம் அவனுக்குப் பொருந்தாது. மாற்று வினா கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அதே தலைப்பில், அதே கடினத்தில், வேறு எண்களோடு கொடுங்கள்.

கழித்தது பற்றி சிவா ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் மழை விடுமுறை வந்து மறுநாள் அதே பாடத்தைத் திரும்ப நடத்தினால், அதற்காக அந்தத் தலைப்புக்கு மதிப்பெண் கூட்டுவோமா? எங்கே கோடு போடுவது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

மலர்விழி

இப்போது புரிகிறது. ஆனால் பாடவேளையை அளவுகோலாக வைத்தால் தமிழுக்கு உதைக்கும். மனப்பாடச் செய்யுளை வகுப்பில் ஒரு பாடவேளையில் விளக்கிவிடுவேன். பிள்ளை அதை வீட்டில் பல நாள் உருப்போடுகிறது. இலக்கணத்துக்கு வகுப்பில் நாலு பாடவேளை போகும். வீட்டில் யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. என் பாடவேளையைப் பார்த்துப் பிரித்தால் செய்யுளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பழைய கரும்பலகை

அது உண்மையான சிக்கல் அம்மா. பாடவேளை அளப்பது ஆசிரியரின் உழைப்பை. மாணவரின் உழைப்பை அன்று. அறிவியலில் இரண்டும் ஓரளவு ஒட்டிப் போகும். மொழிப்பாடத்தில் செய்யுள், உரைநடை, இலக்கணம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணை முதலில் கற்றல் விளைவைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, அந்தந்தப் பகுதிக்குள் மட்டும் பாடவேளையைப் பார்ப்பது பொருந்தலாம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே விதி என்று நான் சொல்ல மாட்டேன்.

தேன்மொழி

3, 7, 7, 4, 4 என்றே வைத்து, 'அல்லது' இல்லாமல் தேர்வை நடத்திவிட்டேன். கடினம் என்று குறித்த கம்பி வினாவுக்கு வகுப்பில் பெரும்பாலோர் நான்கு மடங்கு என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். நடுத்தரம் என்று குறித்த வெப்பமூட்டி வினாவில் பாதிப் பேருக்கு மேல் வாட்டைக் கிலோவாட்டாக மாற்றாமல் 3000 யூனிட் என்று எழுதியிருக்கிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பழைய கரும்பலகை

கம்பி வினாவை வகுப்பில் கரும்பலகையில் போட்டீர்களா?

தேன்மொழி

போட்டேன் ஐயா. மூன்று மடங்கு நீளத்துக்கும் சேர்த்தே போட்டேன்.

பழைய கரும்பலகை

அப்படியென்றால் அது இந்த வகுப்புக்கு நினைவு வினா. நீளம் கூடும்போது குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகிறது என்பதை யோசித்து எழுதியவர் யார், விடையை நினைவில் வைத்து எழுதியவர் யார் என்று பிரிக்க வழியில்லை. கட்டத்தில் அதன் குறியை எளிது என்று மாற்றிவிடுங்கள். மாற்றினால் இந்தத் தாளில் கடினம் 4-ஆகக் குறைந்து, எளியது 9 ஆகிறது. அதை மனத்தில் வைத்து மதிப்பெண்களைப் படியுங்கள். வெப்பமூட்டி வினாவுக்கு மட்டும் இன்னொரு வேலை செய்யுங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேல் வரிசையில் இருப்பவர்களும் 3000 எழுதியிருந்தால், அலகு மாற்றத்தை நாம் சரியாக நடத்தவில்லை. கீழ் வரிசையினர் மட்டும் எழுதியிருந்தால் வினா தன் வேலையைச் செய்திருக்கிறது.

நெல்லை சிவா

இதைத்தான் நான் வேறு மாதிரி சொன்னேன். 2 பாடவேளை எடுத்த தலைப்பில் பாதி வகுப்பு விழுகிறது என்றால், அந்தத் தலைப்புக்கு நேரம் குறைவாகக் கொடுத்திருக்கிறோம் என்று பொருள். குறைவாகக் கொடுத்த நேரத்தையே அளவுகோலாக்கி மதிப்பெண்ணையும் குறைவாகக் கொடுத்தால், அந்தக் குறை தாளில் எப்போதும் சிறிதாகவே தெரியும். ஒலியியல் அலகுக்கு நான் திட்டமிட்ட நேரம், நடந்த நேரம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டுப் பார்க்கப் போகிறேன். டாப்ளர் விளைவு எந்தக் கட்டத்தில் எத்தனை வாங்குகிறது என்று இங்கேயே பதிவிடுகிறேன்.