விச்சா, தட்டா? எது சிக்னிஃபிகன்ட்? ஒரே வாக்கியத்தின் மேல் இரண்டு வழக்குகள்

ஈரிழை: ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையில் கீழுள்ள வாக்கியத்தைச் சுட்டி, விச் வரும் இடமெல்லாம் தட் என்று மாற்றுமாறும், சிக்னிஃபிகன்ட் என்பதைப் புள்ளியியல் பொருளில் மட்டுமே ஆளுமாறும் மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார். இவை விதிகளா, அவருடைய விருப்பமா?

```
The samples which were stored at 4 °C showed a
significant decrease in enzyme activity (p = 0.02).
```

முகில்வண்ணன்: விதிதான். காற்புள்ளி இல்லாத இடத்தில் விச் எழுதுவது பிழை. வேர்டு கோப்பில் மொத்தமாக மாற்றிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது குறிப்பு உங்களுக்குப் பொருந்தவே இல்லை. p மதிப்பு வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே இருக்கிறது. ஆகவே சொல் சரியான இடத்தில்தான் நிற்கிறது.

மெய்ப்புக்கோல்: தயவுசெய்து மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். `in which` என்று நீங்கள் எழுதிய இடமெல்லாம் `in that` என்று ஆகி, பொருளே கெட்டுப்போகும். காற்புள்ளிக்குப் பின் வரும் விச்சும் அப்படியே தட்டாக மாறும். அதுதான் உண்மையான பிழை. ஆய்வுக் கட்டுரைகளைச் செம்மை பார்க்கும் வேலையில் இந்த ஒரு நிமிடச் சிக்கனத்தை அவிழ்க்க நான் அரை நாள் செலவிட்டதுண்டு.

விதி என்பதும் முழு உண்மையன்று. வரையறுக்கும் தொடருக்குத் தட், கூடுதல் தகவல் தரும் தொடருக்கு விச் என்ற பிரிவினையை 1926இல் தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர் ஒரு நல்ல ஏற்பாடாக முன்வைத்தார். பெரும்பாலான எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்க இதழ்கள் பல அதைக் கடைப்பிடிக்கின்றன. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காற்புள்ளியில்லாத விச் இன்றும் தவறாகக் கருதப்படுவதில்லை. உங்கள் வாக்கியத்தில் பொருளைத் தாங்கி நிற்பது சொல்லைவிடக் காற்புள்ளிதான்.

நமக்கு இது ஏன் வழுக்குகிறது என்றால், தமிழில் பெயரெச்சம் ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. சுட்டெரிக்கும் சூரியன் என்றால் சுட்டெரிக்காத சூரியன் வேறொன்று உண்டென்று யாரும் நினைப்பதில்லை. உடைந்த குழாய்கள் என்றாலோ உடையாதவையும் பெட்டியில் இருக்கின்றன என்று புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டியாக வேண்டும். ஆகவே என் கேள்வி இதுதான்: உங்கள் மாதிரிகள் எல்லாமே 4 டிகிரியில் இருந்தனவா, சில மட்டுமா?

ஈரிழை: சில மட்டும். மொத்தம் 48 மாதிரிகள். 36ஐ 4 டிகிரியிலும், 12ஐ மைனஸ் 20 டிகிரியிலும் 30 நாள்கள் வைத்தோம். தொடக்கத்தில் சராசரி நொதிச் செயல்பாடு இரு குழுவிலும் 60 அலகு. 4 டிகிரிக் குழுவில் சராசரியாக 1.2 அலகு குறைந்தது. அந்தக் குறைவின் திட்ட விலக்கம் 3.0. மற்றதில் 2.5 அலகு குறைந்தது, திட்ட விலக்கம் 4.8, p = 0.10. அதற்கு அடுத்த வாக்கியத்தில் சிக்னிஃபிகன்ட் குறைவு இல்லை என்று எழுதியிருக்கிறோம்.

கருங்குயில்: சிக்னிஃபிகன்ட் இலக்கங்களைப் பற்றித்தானே பேச்சு? எனக்கும் இதே தொல்லை வந்தது. எடையை 0.0250 கிராம் என்று எழுதியிருந்தேன். கடைசிச் சுழியம் எதற்கு என்று கேட்டார்கள், எடைத்தட்டு அவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது என்று விளக்க வேண்டியதாயிற்று. நீங்கள் 0.02 என்று நிறுத்தாமல் மூன்றாவது இலக்கத்தையும் கொடுத்துவிடுங்கள்.

மெய்ப்புக்கோல்: அது வேறு சிக்னிஃபிகன்ட், நண்பரே. ஒரே சொல்லுக்கு மூன்றாவது பொருளையும் நினைவூட்டியதற்கு நன்றி.

தாயம்: ஈரிழை கொடுத்த எண்களைப் பார்த்த பிறகு முகில்வண்ணன் ஐயாவோடு உடன்பட முடியவில்லை. 36 மாதிரிகளுக்குத் திட்டப் பிழை 3.0ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்தால் 0.5, குறைவு அதைப் போல 2.4 மடங்கு, p 0.02 வருவது சரிதான். அதன் பொருள், உண்மையில் குறைவே இல்லாதிருந்தாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாக நூற்றில் இரண்டு முறை தென்படும் என்பது மட்டுமே. குறைவு பெரிதா, கவலைப்பட வேண்டியதா என்பதைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. 60இல் 1.2 என்பது 2 விழுக்காடு. எவ்வளவு குறைந்தால் மாதிரியை வீசிவிடுவீர்கள்?

ஈரிழை: 10 விழுக்காடு, அதாவது 6 அலகு குறைந்தால்.

தாயம்: அப்படியானால் கட்டுரையின் சேதி தலைகீழாகப் போய்ச் சேர்கிறது. 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.2 முதல் 2.2 அலகு வரை. அதன் மேல் எல்லைகூட உங்கள் 6க்கு வெகு கீழே. 4 டிகிரியில் ஒரு மாதம் வைக்கலாம் என்று தரவு சொல்கிறது; சிக்னிஃபிகன்ட் குறைவு என்று படிப்பவரோ 4 டிகிரி ஆகாது என்று எடுத்துக்கொள்வார். மைனஸ் 20 குழுவில் குறைவு இரு மடங்குக்கும் மேல். ஆனால் 12 மாதிரிகளே இருப்பதால் இடைவெளி அரை அலகு கூடியிருக்கலாம் என்பதிலிருந்து ஐந்தரை அலகு குறைந்திருக்கலாம் என்பது வரை நீள்கிறது. அதற்குச் சிக்னிஃபிகன்ட் இல்லை என்று எழுதியதும், உறைய வைப்பதே பாதுகாப்பு என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். இரு குழுக்களையும் நேராக ஒப்பிட்டால் வேறுபாடு 1.3 அலகு, அதன் திட்டப் பிழை ஏறத்தாழ 1.5, எது மேல் என்று இந்தத் தரவால் சொல்லவே முடியாது.

மெய்ப்புக்கோல் கேட்ட காற்புள்ளியும் இங்கேதான் வந்து சேர்கிறது. இணையாசிரியர் யாரேனும் விச்சுக்கு முன்னும் °Cக்குப் பின்னும் காற்புள்ளி இட்டுவிட்டால், 48 மாதிரிகளும் 4 டிகிரியில் இருந்ததாகவும் p அவை அனைத்துக்கும் உரியதாகவும் படிக்க நேரும்.

முகில்வண்ணன்: வேர்டில் மொத்தமாக மாற்றச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரண்டாவதில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். முன்னுரையில் நொதி கெடுவது ஒரு சிக்னிஃபிகன்ட் சிக்கல் என்று எழுதினால் யார் p மதிப்பைத் தேடப்போகிறார்கள்? புள்ளியியலார் கடன் வாங்கியதற்காக அன்றாடச் சொல்லை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மெய்ப்புக்கோல்: முன்னுரையில் யாரும் குழம்பமாட்டார்கள் என்பது உண்மை. முடிவுரைப் பகுதியில்தான் ஆபத்து: அங்கே எண்களுக்கு அருகிலேயே அன்றாடப் பொருளும் புள்ளியியல் பொருளும் மாறி மாறி வரும். ஒரே கட்டுரையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் எனக்கு வேலை குறையும் என்பதையும் மறைக்கவில்லை.

தாயம்: நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். புள்ளியியல் பொருளிலும் அந்தச் சொல் வேண்டாம். 0.049க்கு ஒரு பெயர், 0.051க்கு வேறொரு பெயர் என்று பிரிப்பதால் எதுவும் தெளிவாவதில்லை. 2019இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கருத்துரைக்கு 800க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கையொப்பமிட்டதும் இதையொட்டித்தான்.

முகில்வண்ணன்: கையொப்பமிட்டவர்கள் ஈரிழையின் மதிப்பாய்வாளர் அல்லரே. அந்தச் சொல்லைக் காணோம் என்றால், சோதனையே செய்யவில்லையா என்று அவர் கேட்பார்.

ஈரிழை: `which` என்றும் `significan` என்றும் தனித்தனியே தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பின்னதை அப்படிப் பாதியில் நிறுத்தித் தேடியதால் சொல்லின் எல்லா வடிவங்களும் சிக்கின. முன்னுரையில் இருந்ததைத் தொடவில்லை. சர்ச்சைக்குரிய வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது:

```
In the 36 samples that were stored at 4 °C, enzyme
activity fell by 1.2 units out of 60
(95% CI 0.2 to 2.2; p = 0.02).
```

மெய்ப்புக்கோல்: மைனஸ் 20 குழுவுக்கும் இதே வடிவில் ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள். இங்கே தட் என்பதையும் அதை அடுத்த வினையையும் நீக்கிவிட்டு, ஸ்டோர்ட் என்பதை மட்டும் விட்டாலும் பொருள் அப்படியே நிற்கும். ஆனால் மதிப்பாய்வாளர் கேட்ட தட்டைக் கண்ணால் பார்க்கட்டும், இருக்கட்டும்.