மூடிப்போன தொடக்கப்பள்ளிக்குத் தமிழ்வழிச் சான்று யாரிடம் வாங்குவது?

வணக்கம். என் தங்கை குரூப் 4 தேர்வில் தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு கேட்டிருக்கிறாள். 2010 சட்டத்தை 2020-இல் திருத்தியபின், பணிக்குரிய கல்வித்தகுதியை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். இந்தப் பணிக்குத் தகுதி 10-ஆம் வகுப்பு என்பதால், 1 முதல் 10 வரை சான்று காட்ட வேண்டும்.

6 முதல் 10 வரை படித்த பள்ளியில், தேர்வாணையப் படிவத்திலேயே தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் வகுப்புவரை படித்த உதவிபெறும் பள்ளிதான் சிக்கல். அதை மூடிப் பல வருடமாகிறது. கையில் இருப்பது ஒரு பழைய மாற்றுச் சான்றிதழ். அதில் பயிற்றுமொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று நீல மையில் எழுதியிருக்கிறது, பாதி மங்கிவிட்டது. சேர்க்கைப் பதிவேடு எங்கே போனதென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

இந்த நிலையில் வட்டாரக் கல்வி அலுவலர் படிவத்தில் கையெழுத்திடுவாரா? சான்றிதழ் சரிபார்ப்பில் மாற்றுச் சான்றிதழை மட்டும் ஏற்றார்களா? மூடிய பள்ளிக்குச் சான்று வாங்கியவர்கள் எந்த அலுவலகத்தில், என்னென்ன காட்டி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அவள் முழுக்கத் தமிழில் படித்தவள். ஒரு தாள் இல்லாமல் இந்த வாய்ப்பு போய்விடக் கூடாது.