ஒரு நாள் கலியாணம், மூன்று நிமிட வீடியோ: கதையை எப்படிப் பிடித்தீர்கள்?

மல்லாவிக் கமெராக்காரன்:
போன மாதம் எடுத்த கலியாணம். இரண்டு கமெரா, ஒன்பது மணித்தியாலப் பதிவு. நாள் நடந்த ஒழுங்கிலேயே முதலில் வெட்டினேன்: அலங்காரம், மாப்பிள்ளை வரவு, தாலி, விருந்து. எல்லாம் இருந்தது, ஆனால் யாருடைய கதை என்று தெரியவில்லை.

அப்புறம் படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். அலங்கார அறையில் அம்மாவின் குரல்: "அழாதை பிள்ளை, மாமா நிக்கிறார்தானே." பெண்ணின் அப்பா 2009இல் காணாமல் போனவர். கன்னிகாதானம் செய்து கொடுத்தது தாய்மாமன். அங்கேதான் கேள்வி கிடைத்தது: இந்தக் கையை யார் பிடித்துக் கொடுப்பது?

அதற்குப் பிறகு வெட்டுவது சுலபம். குளக்கட்டில் முக்கால் மணித்தியாலம் எடுத்த சோடிப் படங்களில் இரண்டு துண்டுதான் மிஞ்சின. அம்மாவின் குரலோடு தொடக்கம். 1:20இல் மாமா தாரை வார்க்கிறார், இசை இல்லை, தண்ணீர் விழும் சத்தம் மட்டும். 2:00இல் கெட்டிமேளம், தாலி. கடைசியில் மணவறைக்குப் பின்னால் மாமா தனியே நின்று சால்வையால் கை துடைக்கிறார். அதை எடுத்தபோது கமெராவை நிறுத்த மறந்திருந்தேன்.

முள்ளியவளைத் தம்பி:
அண்ணை, தாலி கட்டுறதை முதலில் போட வேணும். ஃபோனில் பார்க்கிற சனம் ஐந்து செக்கனில் தள்ளிவிட்டுப் போகும்.

புதுக்குடியிருப்பு அக்கா:
எங்கட மகளின் வீடியோ முழுசாய் மூன்று மணித்தியாலம் வேணும், கனடாவுக்கு அனுப்ப. மூன்று நிமிசத்தில் சொந்தக்காரர் எல்லாரும் வருவினமோ?

பரந்தன் பழைய கமெராக்காரர்:
அக்கா, அது வேறு வேலை. முழுப் பதிவும் தனியாகத் தருவார்கள், கேட்டு வாங்குங்கோ.

தம்பி சொல்வதில் பாதி சரி. முதல் ஐந்து செக்கனில் ஒரு முகம் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் தாலியை அங்கேயே செலவழித்தால் கெட்டிமேளம் வரும்போது ஏறுவதற்கு இடம் இருக்காது.

இன்னொன்று, நான் பட்ட பாடு. வேறொரு கலியாணத்தில் பெண் விடைபெறும்போது அவளின் அம்மா அழுததை எடுத்துத் தாலிக்கு முன் செருகினேன். ஓரத்தில் பெண் கூறைச் சேலையோடு நிற்கிறாள், அடுத்த காட்சியில் கூறை மாற்றப் போகிறாள். பெண்ணின் சித்தி முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார். இடம் மாற்றுவதென்றால் சேலை, மாலை, வெயில் மூன்றையும் பாருங்கள். கை, விளக்கு மாதிரிக் கிட்டத்தில் எடுத்த துண்டு என்றால் தப்பலாம்.

மல்லாவிக் கமெராக்காரன்:
ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. சாமியறையில் அப்பாவின் படம் இருந்தது, மாலை போடாமல். அம்மா பொட்டோடுதான் இருக்கிறா. அந்தப் படத்தை நான்கு செக்கன் வைத்திருக்கிறேன். அவவிடம் கேட்காமல் கொடுக்க மனமில்லை.

பரந்தன் பழைய கமெராக்காரர்:
கேளுங்கள். பெண்ணிடம் அல்ல, அம்மாவிடம். இசை போடாமல் காட்டிக் கேளுங்கள்.

முள்ளியவளைத் தம்பி:
நான் என்றால் அதை வெட்டிவிடுவேன் அண்ணை. கலியாண வீடியோவில் அது தாங்காது.