எள் ஒவ்வாமை என்றால் நல்லெண்ணெயும் ஆகாதா?

வணக்கம். போன வாரம் என் மூன்று வயது மகள் எள்ளுருண்டையை ஒரு கடிதான் கடித்தாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பு. தோல் பரிசோதனையில் எள் ஒவ்வாமை என்றார்கள். இது அரிதல்ல, அமெரிக்கா 2023 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்துவிட்டது.

“எண்ணெய்தானே” என்று அத்தை இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றப் போனார், தடுத்துவிட்டேன். ஒவ்வாமையைக் கிளப்புவது எள்ளின் புரதம். செக்கில் ஆட்டிச் சுத்திகரிக்காத எண்ணெயில் அது தங்கிவிடுமாம், அதனால் மருத்துவர் இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

வீட்டில் சரி. உணவங்காடி நிலையத்தில் கோழிச் சோற்றின் மேலேயே வறுத்த எள்ளெண்ணெய் தெளிக்கிறார்கள். இதே பிரச்சினை உள்ள பெற்றோர்கள், கடைக்காரரிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? பொடிக்கு எந்த எண்ணெய் ஊற்றுகிறீர்கள்?