காலை 5:50க்கு ஒலிக்கும் அம்மாவின் குரல்: எங்கள் விடுதி அறையில் நடந்தது

மூன்றாம் மாடி:

எங்கள் விடுதி அறையில் நான்கு பேர். அதில் ஒருவன் விவசாயியின் மகன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரும் படிப்பும் வேண்டாம் என்றான்.

தினமும் காலை 5:50க்கு அவன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் வரும். “கண்ணு, கரண்ட் வந்துவிட்டது. அப்பா மோட்டார் போடப் போய்விட்டார். நீ எழுந்துவிட்டாயா? எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடி.” அவ்வளவுதான், 11 விநாடி. அந்தக் கடைசி விநாடிகளில் தூரத்தில் மோட்டார் பிடித்து ஓடத் தொடங்கும். குழாய்க்குள் அடைத்திருந்த காற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்து விழும் இரைச்சலும் கேட்கும். வயலையே பார்க்காத எனக்கும் அந்தச் சத்தம் மனப்பாடம்.

வீட்டு நினைப்பில் வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். தேர்வு நாட்களில் ஒரு முறை கோபமாகவே கேட்டேன்: “வேறு ஒலி வைத்துக்கொள்ளக் கூடாதா?” அவன் ஒலி அளவைக் குறைத்தான். குரலை மாற்றவில்லை.

ஒரு நாள் விழித்துப் படுத்திருந்தேன். குரல் ஓய்ந்தவுடன் எழுந்து உட்கார்ந்து, பெட்டியின் அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, அட்டையில் பேனாவால் தேதி குறித்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னான். நுரையீரலில் காசநோய். ஆறு மாத மருந்து. முதல் இரண்டு வாரம் உறவினர் வீட்டு மாடியில் தனியாக இருந்துவிட்டுத்தான் அறைக்குத் திரும்பியிருக்கிறான். எங்களிடம் விடுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்வார், அதுவும் நடவு நேரத்தில் வீட்டையே கலக்கியதாகிவிடும் என்பது அவன் பயம். அந்தக் குரல் பதிவும் இதற்காகப் பேசியது இல்லை. நோய்க்கு வெகு நாட்களுக்கு முன்னால் ஏதோ ஒரு விடியற்காலையில் அவர் சாதாரணமாக அனுப்பியது. அவருக்கு எழுதப் படிக்க வராது, எல்லாச் செய்தியும் குரலில்தான்.

ஏன் அதையே வைத்தாய் என்று கேட்டேன். சிகிச்சை தொடங்கியபோது சாதாரண அலாரம்தான் வைத்திருந்தானாம். தூக்கத்திலேயே அணைத்துவிடுவானாம். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் தவறினால் வகுப்பு, ஓட்டம், அப்படியே மறதி. அம்மாவின் குரல் என்றால் அவன் கால் தானாகத் தரையில் இறங்குகிறது. வீட்டில் அந்தக் குரலுக்கு எழுந்து போய்தான் மடை திருப்புவான்.

இப்போதுதான் சிக்கல். 97ஆம் நாள் இரவு போனில் இடம் இல்லை என்று பழைய குரல் பதிவுகளை மொத்தமாக நீக்கியிருக்கிறான். மறுநாள் அதே 5:50க்கு போனோடு வந்த மணியோசை அடித்தது. அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். மாலைதான் நினைவு வந்து போட்டான். அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு வேளை முழுவதுமாகத் தவறியது. இருமல் நின்றுவிட்டது, எடையும் 4 கிலோ ஏறிவிட்டது. “உடம்பு சரியாகிவிட்டதே” என்கிறான். எனக்கு அந்தப் பேச்சுதான் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்காமல் அந்தப் பதிவை மீட்க வழி உண்டா? இதுபோல் வேண்டியவர்கள் குரலை வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடிகாரக்கடை:

நானும் ஆண்ட்ராய்டில் அப்பா குரலை வைத்திருந்தேன், இதே போலத்தான் இழந்தேன். அலாரம் அந்த ஒலியைத் தனக்கென்று பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறது. அங்கே கோப்பு இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் பழைய மணியோசைக்குப் போய்விடும். அலாரத்தின் பெயரும் நேரமும் அப்படியே இருப்பதால் அடிக்கும் வரை தெரியாது.

வாட்ஸ்அப் குரல் பதிவு `PTT-20240218-WA0007.opus` என்கிற மாதிரி பெயரில் இருக்கும். நடுவில் இருப்பது தேதி. அதை `Alarms` என்ற கோப்புறைக்குள் நகலெடுத்து, அந்த நகலைத்தான் அலாரத்துக்குக் காட்ட வேண்டும். பிறகு உரையாடலைச் சுத்தம் செய்தாலும் நகலுக்கு ஒன்றும் ஆகாது.

அவனுடைய போனில் நீக்கியது திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆனால் அனுப்பியவர் போனில் அது இன்னும் இருக்கலாம். அம்மா எதையும் அழிக்கும் பழக்கம் இல்லாதவர் என்றால் நிச்சயம் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊஞ்சல்:

ஒலி அளவு குறைந்துவிட்டதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன். அலாரத்துக்கு என்று தனி ஒலி அளவு இருக்கிறது, அதைக் கூட்டினால் எந்த மணிக்கும் எழுந்துவிடலாம். என் அண்ணனும் அப்படித்தான்.

மூன்றாம் மாடி:

ஒலி போதுமான அளவு இருந்தது, ஊஞ்சல். நாங்கள் மூன்று பேர் அந்த மணியில் எழுந்துவிட்டோம். அவன்தான் எழவில்லை.

இரவுப் பேருந்து:

அதை நான் நம்புகிறேன். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளைத் தூங்க வைத்துப் புகை எச்சரிக்கைக் கருவியைச் சோதித்தார்கள், 2018இல் வெளிவந்த ஆய்வு. வழக்கமான கூர்மையான ஒலிக்குப் பாதிப் பேர்தான் விழித்தார்கள், அம்மாவின் குரலுக்கோ பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு விழித்தார்கள். குரலில் குழந்தையின் பெயரைச் சேர்த்ததும் சேர்க்காததும் பெரிய வித்தியாசம் தரவில்லை. அது குழந்தைகளிடம் பார்த்தது. கல்லூரிப் பையனுக்கு, அதுவும் நூறு நாள் கேட்ட பிறகும், அப்படியே பொருந்துமா என்று என்னால் சொல்ல முடியாது.

மாடப்புறா:

பொருந்தவில்லை, என் விஷயத்தில். வெளியூரில் வேலைக்குப் போனபோது அக்கா குரலை வைத்தேன். முதல் மாதம் துள்ளி எழுந்தேன். மூன்றாவது மாதம் அந்தக் குரல் ஓடிக்கொண்டே இருக்கும், நான் தூங்கிக்கொண்டே இருப்பேன். அதைவிடக் கொடுமை, அக்கா நிஜமாகவே போனில் பேசினால்கூட எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. அன்றே எடுத்துவிட்டேன். பிடித்தவர்கள் குரலைத் தூக்கம் கலைக்கிற வேலைக்கு வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பச்சை மிளகாய்:

ஒரு வேளை தவறினால் மறுநாள் இரண்டு வேளையையும் சேர்த்துப் போட்டால் கணக்குச் சரியாகிவிடும். எங்கள் சித்தப்பா ரத்த அழுத்த மாத்திரையை அப்படித்தான் சமாளிப்பார். ஆனால் உடம்பு சரியாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, அது மட்டும் உறுதியாகத் தெரியும்.

வெள்ளைத் தொப்பி:

நான் காசநோய்ப் பிரிவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தேன். பச்சை மிளகாய் சொன்னதில் பின்பாதி சரி, முன்பாதி வேண்டாம். அன்றைக்கே நினைவு வந்தால் அன்றைக்கே போடலாம், அவன் மாலையில் போட்டது சரியான காரியம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் வழக்கமான ஒரு வேளை மட்டும். இரட்டிப்பாக்கினால் கல்லீரல்தான் அடி வாங்கும். தவறிய நாளை மறைக்காமல் மருந்து தரும் இடத்தில் சொல்ல வேண்டும். கடைசியில் நாட்களைக் கூட்டித் தருவார்கள்.

இரண்டு மாதம் முடிந்து நன்றாக இருக்கும் இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் கைவிடுவார்கள். முதல் இரண்டு மாதத்து நான்கு மருந்துகள் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும், இருமல் நின்றுவிடும். மெதுவாக வளரும் மிச்சம் உள்ளே பதுங்கியிருக்கும். அடுத்த நான்கு மாதம் அந்த மிச்சத்துக்குத்தான். விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி தேறி வந்துவிடும். அப்புறம் சிகிச்சை இன்னும் கடினம்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இருமல் தொடங்கிய பிறகு, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னால், அவன் வீட்டுக்குப் போய்த் தங்கினானா?

மூன்றாம் மாடி:

அவனிடம் கேட்டேன். விடுமுறையில் ஒன்பது நாள் இருந்திருக்கிறான். இருமலோடுதான். ஒரே அறையில்தான் எல்லோரும் படுப்பார்கள் என்றான். (நாங்கள் மூவரும் ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்டோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை.)

வெள்ளைத் தொப்பி:

அப்படியென்றால் அம்மாவும் அப்பாவும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இருமல் இல்லாவிட்டாலும் போக வேண்டும். பதிவை மீட்கும் கேள்வி அதற்கு அடுத்ததுதான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவன் நினைப்பது எனக்குப் புரிகிறது தம்பி. ஆனால் அவரைக் காப்பாற்ற வேண்டிய விஷயத்தையே அவரிடம் மறைக்கிறான்.

மூன்றாம் மாடி (ஆறு நாட்கள் கழித்து):

வெள்ளைத் தொப்பி அக்கா எழுதியதை அவனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தான். அன்று இரவு மாடிக்குப் போய் வீட்டுக்குப் பேசினான். முதலில் பழைய பதிவைத்தான் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை தேடி எடுத்துக் கொடுத்தது, நிமிடத்தில் வந்துவிட்டது. “இது எதற்குடா இப்போது?” என்று அம்மா கேட்டிருக்கிறார். அதற்குமேல் மறைக்க முடியவில்லையாம். சொல்லிவிட்டான்.

அவர் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. நெடுநேரம் பேசவே இல்லையாம். பிறகு “ஒன்பது நாள் என் பக்கத்தில் படுத்து இருமினாயே, அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்” என்றாராம். இதைச் சொல்லும்போது அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இருவரும் பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு இன்னொரு பரிசோதனை எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை.

மறுநாள் அம்மா புதிதாக ஒரு பதிவு அனுப்பினார். கடிகாரக்கடை சொன்னபடி இரண்டையும் `Alarms` கோப்புறையில் நகலெடுத்து வைத்தோம். எதை வைப்பது என்று அவன் நெடுநேரம் யோசித்தான். புதியதில் மோட்டார் சத்தம் இல்லை. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார், தாழ்ப்பாள் போடும் ஓசைகூடப் பதிவில் விழுந்திருக்கிறது. “கண்ணு, மாத்திரையைப் போடு. போட்டுவிட்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்.”

மாடப்புறா சொன்னதுபோல் இந்தக் குரலும் ஒரு நாள் பழகிப்போகுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. அவனுக்கும் இருக்கிறது. இப்போதைக்குப் புதியதுதான் அலாரத்தில் இருக்கிறது. இன்று காலை 5:50க்கு அது ஒலித்தது. மாத்திரையை விழுங்கி, அட்டையில் தேதி குறித்துவிட்டு, போனை வாயருகே வைத்து “போட்டுவிட்டேன் அம்மா, உனக்கு முடிவு வந்ததா?” என்று அனுப்பினான். நீல டிக் விழும் வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தான்.