இலவசப் பட்டியலுக்கு உண்மையான எண் வாங்குவது எப்படி?

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர் அமைக்க ஆலோசனை சொல்வது என் தொழில். மானியத்துக்கு வேண்டிய காகிதங்களின் பட்டியலை ஒரே பக்கத்தில் இலவசமாகத் தருகிறேன்: சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகம். உரக்கடையில் ஒட்டிய கியூஆர் கோடு வழியாகப் பெயரும் போன் எண்ணும் கொடுத்தால் கோப்பு இறங்கும்.

எண்கள் நிறைய வருகின்றன. கூப்பிட்டால் பாதி தவறான எண். கோப்பு உடனே கிடைத்துவிடுவதால் எதையாவது தட்டிவிடுகிறார்கள் போல. அதனால் இனி திரையில் தராமல், கொடுத்த எண்ணின் வாட்ஸப்புக்கே அனுப்பலாம் என்றிருக்கிறேன். பொய் எண் என்றால் பட்டியல் அவருக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். "பிறகு அழைக்கலாமா?" என்று தனியாக ஒரு டிக்கும் வைக்கிறேன். கேட்காமல் கூப்பிட்டால் திட்டுதான் விழும்.

சரி, என் சந்தேகம் இது. "போர் இருக்கிறதா, தோப்பு எத்தனை மா?" என்று இரண்டு கேள்வி சேர்த்தால், சும்மா வாங்கிப் போகிறவர்கள் யார் என்று தெரிந்துவிடும். ஆனால் படிவம் நீண்டால் நிஜமாகத் தேவைப்படுபவரும் பாதியில் விட்டுவிடுவார். கேள்விகளைப் படிவத்திலேயே வைப்பதா, பட்டியல் போன மறுநாள் வாட்ஸப்பில் கேட்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.