புதுப்பிப்பு: அண்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு அப்பாவின் குரல் செய்திகள்

முன்பு கேட்டது: "அண்ட்ரொய்ட் போனிலுள்ள வட்ஸ்அப் உரையாடல்கள் ஐபோனுக்கு வருமா? அப்பாவின் குரல் செய்திகள் அதற்குள்தான் இருக்கின்றன."

வந்துவிட்டன. நிலாவெளி அண்ணா சொன்னதுபோல கூகுள் டிரைவில் காப்பு எடுத்து, ஐபோனில் அதே எண்ணைப் போட்டுத் திறந்தேன், எல்லாம் வெறுமை. அவர் சொன்னது அண்ட்ரொய்டிலிருந்து இன்னொரு அண்ட்ரொய்டுக்குத்தான் சரி, ஐபோன் அந்தக் காப்பை வாசிக்காது.

வழி சொன்னது உவர்மலையில் போன் திருத்தும் அக்கா. "தம்பி, ஐபோனை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கோ, இந்த வேலை அந்த முதல் அமைப்பின்போதுதான் நடக்கும்" என்றார். பழைய போனில் Move to iOS செயலி, இரண்டும் சார்ஜரில், ஒரே வைஃபையில். ஐபோன் காட்டும் குறியீட்டைப் போட்டதும் வரும் பட்டியலில் WhatsApp-ஐத் தேர்ந்து START அழுத்தினால் பழைய போனில் வட்ஸ்அப் தானாக வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம், அழிப்பது நாங்கள்தான், அதுவரை தரவு அங்கேயே இருக்கும். முதல் முறை நடுவில் வேறு செயலிக்குப் போனேன், நின்றுவிட்டது, அதனால் அந்தத் திரையை விட்டு நகராதீர்கள்.

அப்பாவின் "சாப்பிட்டியா மோனே" அதே திகதியோடு கேட்கிறது. அழைப்புப் பட்டியல் மட்டும் வரவில்லை.

வைபர் பற்றிக் கேட்ட தங்கச்சி, அது வேறு கதை, நான் முயலவில்லை. பழைய போனை இன்னும் அழிக்கவில்லை.